தோடுடையசெவி யன்: பதிகத்தில் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாதபோது

சம்பந்தர் தேவாரத்தின் முதல் பதிகத்தைச் சீர் பிரித்த பதிப்பில் எடுத்தால் முதல் மூன்று பாட்டும் இப்படி இருக்கும்:

தோடுடையசெவி யன்விடையேறியோர் தூவெண்மதிசூடிக்
காடுடையசுட லைப்பொடிபூசியென் னுள்ளங்கவர்கள்வன்
ஏடுடையமல ரான்முனைநாட்பணிந் தேத்தவருள்செய்த
பீடுடையபிர மாபுரமேவிய பெம்மானிவனன்றே.

முற்றலாமையிள நாகமொ டேனமுளைக் கொம்பவைபூண்டு
வற்றலோடுகல னாப்பலிதேர்ந்தென துள்ளங்கவர்கள்வன்
கற்றல்கேட்டலுடை யார்பெரியார்கழல் கையாற்றொழுதேத்தப்
பெற்றமூர்ந்தபிர மாபுரமேவிய பெம்மானிவனன்றே.

நீர்பரந்தநிமிர் புன்சடைமேலோர் நிலாவெண்மதிசூடி
ஏர்பரந்தவின வெள்வளைசோரவென் னுள்ளங்கவர்கள்வன்
ஊர்பரந்தவுல கின்முதலாகிய வோரூரிதுவென்னப்
பேர்பரந்தபிர மாபுரமேவிய பெம்மானிவனன்றே.

பாடுகிறவருக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. பொருள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்காருகிறவர்தான் முதல் அடியிலேயே நின்றுவிடுவார். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இடைவெளிகள் ஓசைக்காக விட்டவை, சொல்லுக்காக விட்டவை அல்ல. அப்புறம், சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து தோன்றுகிறது, மாறுகிறது, மறைகிறது. அதாவது இடைவெளி இருக்கும் இடத்தில் சொல் முடியவில்லை, சொல் முடியும் இடத்தில் இடைவெளி இல்லை.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஒரே பதிகத்திலிருந்துதான். சீர்காழியைப் பிரமாபுரம் என்ற பெயரில் பாடியது, பதினோரு பாட்டு. ஒரே பதிகத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பதிகத்தின் பாட்டுகள் ஒரே வார்ப்பில் வருபவை. ஒரு பாட்டில் மூடிக்கிடக்கும் சொல்லெல்லை, அடுத்த பாட்டில் வேறொரு எழுத்தின் பக்கத்தில் வரும்போது திறந்து கிடக்கும். இலக்கண விதி தெரிந்திருந்தாலும் இந்தச் சாட்சியைக் கேட்காமல் பிரிப்பது சரியில்லை.

அறிகுறி: இடைவெளிக்கு அப்புறம் வரும் துண்டு சொல்லாகவே இல்லை, அல்லது தப்பான சொல்லாக இருக்கிறது

"செவி யன்", "சுட லை", "மல ரான்" என்று துண்டு துண்டாக நிற்கின்றன. இவை பரவாயில்லை, பார்த்ததுமே ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். துண்டே ஒரு நல்ல சொல்லாக அமைந்துவிடும் இடம்தான் ஏமாற்றும். இரண்டாம் பாட்டில் "உடை யார்பெரியார்" என்று இருக்கிறது. அவசரமாகப் படித்தால் "யார் பெரியார்?" என்று ஒரு கேள்வி முளைத்துவிடுகிறது. அங்கே கேள்வியே கிடையாது. "உடையார் பெரியார்" என்பதுதான் தொடர். "பிர மாபுரம்" என்பதும் இப்படித்தான். "மாபுரம்" என்றால் பெரிய ஊர் என்று ஒரு பொருள் கிடைத்துவிடும், ஆனால் ஊரின் பெயர் பிரமாபுரம்.

செய்ய வேண்டியது: அடிக்குள் இருக்கும் இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியை ஒரே சரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தோடுடையசெவியன்விடையேறியோர்தூவெண்மதிசூடிக்

பார்க்க இன்னும் மோசமாகத் தோன்றும். ஆனால் இப்போது பொய்யான எல்லை ஒன்றும் இல்லை. ஓலையில் இருந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே இடைவெளியும் கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது.

அடியின் தொடக்கத்தை மட்டும் அப்படியே நம்பலாம். தோடு, காடு, ஏடு, பீடு என்று எதுகை ஒவ்வோர் அடியின் முதல் சொல்லிலும் விழுகிறது. முற்றல், வற்றல், கற்றல், பெற்றம் என்று அடுத்த பாட்டிலும் அதே கதை. ஆகவே அடி தொடங்கும் இடம் சொல் தொடங்கும் இடம்தான். அடியின் முடிவில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. "சூடிக்" என்பதில் உள்ள க் அடுத்த அடியின் "காடு" வருவதால் தோன்றியது. சொல் "சூடி" தான்.

அறிகுறி: பிரித்த துண்டு ய, வ, ன போன்ற எழுத்தில் தொடங்குகிறது, அகராதியில் இல்லை

தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் தொடங்காது என்பதற்கு வரையறை இருக்கிறது. பிரிப்பதற்கு இதைவிட உதவும் கருவி வேறில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ய வரும், ஆனால் ய, யா, யு, யூ, யோ, யௌ என்ற வடிவங்களில்தான். யி, யெ, யே, யை என்று ஒரு சொல் தொடங்காது. வ வரும், ஆனால் வு, வூ, வொ, வோ என்று தொடங்காது. வடமொழியிலிருந்தும் பிற மொழியிலிருந்தும் வந்த பெயர்கள் சில இதை மீறும். அவற்றை விட்டுவிட்டால் விதி உறுதியானது.

இதை வைத்து "பொடிபூசியென்னுள்ளம்" என்பதைப் பாருங்கள். "யென்" என்று சொல் தொடங்க முடியாது. ஆகவே அந்த ய் இடையில் வந்தது: பூசி + என். அடுத்து "னுள்ளம்" என்று தொடங்கவும் முடியாது. "என்" என்பது ஒரு குறில், அதன் பின் ஒரு மெய். அதற்குப் பிறகு உயிர் வந்தால் மெய் இரட்டிக்கும். ஆகவே என் + உள்ளம். மூன்றாம் பாட்டின் "முதலாகிய வோரூர்" என்பதிலும் "வோ" என்று தொடங்காது என்பதால் ஆகிய + ஓர் + ஊர் என்று உடனே பிரிந்துவிடும்.

எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பது எளிது. இ, ஈ, ஐ என்று முடியும் சொல்லுக்குப் பின்னால் உயிர் வந்தால் இடையில் ய்; மற்ற உயிர்களுக்கு வ்; ஏகாரத்துக்கு இரண்டும் வரும். நன்னூல் இதை உடம்படுமெய் என்கிறது. விதியை மனப்பாடம் செய்வதைவிட மூன்று பாட்டின் இரண்டாம் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நன்றாகப் பதியும்:

பூசியென்னுள்ளம்: பூசி + என் + உள்ளம்
தேர்ந்தெனதுள்ளம்: தேர்ந்து + எனது + உள்ளம்
சோரவென்னுள்ளம்: சோர + என் + உள்ளம்

அதே இடம், ஏறக்குறைய அதே சொற்கள். இகரத்துக்குப் பின் ய் வந்தது, அகரத்துக்குப் பின் வ் வந்தது, "தேர்ந்து" என்பதன் உகரத்துக்குப் பின் எதுவும் வரவில்லை. ய், வ் இரண்டும் சொல்லின் பகுதி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தச் சாட்சி எப்போது கட்டாயம் வேண்டும் என்றால், துண்டு விதிப்படி தொடங்கக்கூடியதாக இருக்கும்போதுதான். "சோரவென்" என்பதில் "வென்" என்று பிரித்தால் அது வெல்லுதலின் அடிச்சொல்லாக நிற்கும். முதலெழுத்துச் சோதனை அதைப் பிடிக்காது. "பரந்தவின" என்பதில் "வின" என்று தொடங்குவதையும் விதி தடுக்காது; அங்கே இருப்பது பரந்த + இன, கூட்டமான வெள்ளை வளையல்கள். "ஏத்தவருள்செய்த" என்பதை "ஏத்தவர் உள் செய்த" என்று பிரிக்கிறவர்களும் உண்டு. அப்படிப் பிரித்தால் "உள் செய்த" என்பது எதற்கும் ஒட்டாமல் நிற்கும். ஏத்த + அருள்செய்த என்றால் தொடர் ஓடும். சோதனையில் தப்பிவிட்டது என்பதற்காக ஒரு துண்டை ஏற்றுக்கொள்ளாமல், மீதி என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

அறிகுறி: ஓர் உகரம் இரண்டு சொல்லுக்கும் சொந்தம் போலத் தெரிகிறது

"தோடுடைய" என்பதைத் "தோடு + டைய" என்று வெட்டினால் முதல் சொல் சரியாக இருக்கிறது, இரண்டாவது கெட்டுவிடுகிறது. "தோட் + உடைய" என்றால் இரண்டாவது சரி, முதலாவது கெட்டுவிடுகிறது. எழுத்தில் இருப்பது ஒரு டு. பிரிக்கும்போது வேண்டியது இரண்டு உகரம்.

தோடு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். உயிர் வந்தால் அது தன் மெய்யை விட்டுவிட்டுப் போய்விடும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்கிறது நன்னூல். மிச்சம் நிற்கும் ட் மேல் உடைய என்பதன் உகரம் ஏறிக்கொள்கிறது. ஆகவே டு என்பதில் நாம் பார்க்கும் உகரம் இரண்டாவது சொல்லுடையது. பிரிக்கும்போது முதல் சொல்லுக்கு அதன் உகரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோடு, காடு, ஏடு, பீடு நான்கும் இப்படியே.

இரண்டாவது சொல் உகரத்தில் தொடங்காவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். பணிந்தேத்த என்பது பணிந்து + ஏத்த, தேர்ந்தெனது என்பது தேர்ந்து + எனது, கொம்பவை என்பது கொம்பு + அவை. கடைசிப் பாட்டில் வரும் "வைத்துணர்" மறுபடியும் மறைந்த வகை: வைத்து + உணர். கு, சு, டு, து, பு, று என்ற ஆறில் ஒன்றில் முடியும் சொல் என்று சந்தேகம் வந்தால், உகரத்தைச் சேர்த்துப் பார்ப்பது முதல் வேலை.

அறிகுறி: சொல்லின் கடைசி எழுத்து வேடம் போட்டிருக்கிறது

உள்ளங், முனைநாட், கையாற். இவை அகராதியில் கிடைக்காது. வல்லினம் தொடங்கும் சொல் பின்னால் வந்ததால் முன்சொல்லின் கடைசி மெய் மாறியிருக்கிறது. ம் என்பது க முன் ங் ஆகும்: உள்ளம் + கவர். ள் என்பது ட் ஆகும்: முனைநாள் + பணிந்து. ல் என்பது ற் ஆகும்: கையால் + தொழுது. அதாவது ங், ஞ், ந் என்று ஒரு துண்டு முடிந்து அடுத்தது க, ச, த என்று தொடங்கினால் ம் போட்டுப் பாருங்கள். ட் என்று முடிந்தால் ள், ற் என்று முடிந்தால் ல்.

"கையாற்றொழுது" என்பதில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. "றொழுது" என்று ஒரு சொல் தொடங்கவே முடியாது. ற, ன, ல பக்கத்தில் வந்த த, ற ஆகிவிடும். ஆகவே பின்சொல்லின் முதலெழுத்தையும் த ஆக்க வேண்டும்: தொழுது. கடைசிப் பாட்டின் "பெம்மானிவன்றன்னை" என்பதிலும் இதேதான். இவன் + தன்னை. அங்கே ன் மாறவில்லை, த மட்டும் ற ஆனது. ஆகவே ற்ற, ன்ற, ட்ட, ண்ட என்ற இணைகளைச் சரத்தின் நடுவில் கண்டால், இரண்டாவது எழுத்து த ஆக இருந்திருக்குமோ என்று கேளுங்கள். எல்லா ற்றவும் அப்படி அல்ல. முற்றல், கற்றல் இவற்றில் உள்ளது அந்தச் சொல்லுக்கே உரியது.

எல்லா வேடத்தையும் கலைக்கவும் தேவையில்லை. முதல் பாட்டில் வெண்மதி, மூன்றாம் பாட்டில் வெண்மதியோடு வெள்வளையும் வருகிறது. ஒரே பண்புதான், ம முன் வெண் என்றும் வ முன் வெள் என்றும் நிற்கிறது. "வெள் மதி" என்று திருத்தி எழுதினால் படிக்கிறவருக்கு ஒரு நன்மையும் இல்லை. "வெண் மதி" என்று விட்டுவிடுவதே நல்லது. சொல் தனியாக நிற்கும்போது எந்த வடிவத்தில் தெரியுமோ அந்த வடிவம் போதும்.

அறிகுறி: ஓர் எழுத்துக் குறைகிறது

"பிரமாபுரமேவிய" என்பதைப் "பிரமாபுரம் + ஏவிய" என்று பிரிக்கலாம் போலத் தோன்றும். ஏவுதல் என்ற வினையும் இருக்கிறது. ஆனால் ஊரில் இறைவன் மேவியிருக்கிறான்; ஊரை ஏவ முடியாது. பிரமாபுரம் + மேவிய என்பதில் இரண்டு மகரம் சேர்ந்து ஒன்று விழுந்திருக்கிறது. ஏனமுளை என்பதும் ஏனம் + முளை. ஏனம் என்றால் பன்றி, அதன் முளை போன்ற கொம்பு.

மகரம் விழாமல் நின்று ஏமாற்றும் இடமும் இதே பாட்டில் இருக்கிறது. "தொழுதேத்தப் பெற்றமூர்ந்த" என்பதைக் கேட்டதும் காது "ஏத்தப்பெற்ற" என்று பிடித்துக்கொள்ளும், போற்றப்பட்ட என்ற பொருளில். இலக்கணமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மீதி "மூர்ந்த" என்று நிற்கும், அப்படி ஒரு சொல் இல்லை. பெற்றம் + ஊர்ந்த என்றால் காளையை ஊர்ந்த என்று தெளிந்துவிடும். முதல் பாட்டின் "விடை ஏறி" என்பதே இங்கே வேறு சொல்லில் வருகிறது.

அறிகுறி: இரண்டு விதமாகவும் சரியாகப் பிரிகிறது

இதுவரை பார்த்தவற்றில் ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் கெட்டது. கெடாத இடங்களில்தான் உண்மையான வேலை.

முதல் பாட்டின் "விடையேறியோர்" என்பதை விடை + ஏறியோர் என்று பிரித்தால் காளையில் ஏறியவர்கள் என்று அழகான சொல் கிடைக்கிறது. மூன்றாம் பாட்டின் "சடைமேலோர்" என்பதில் மேலோர் கிடைக்கிறது. இரண்டும் தமிழில் நன்றாகவே வழங்கும் சொற்கள். ஆனால் செவியன், கள்வன், பெம்மான், இவன் என்று பாட்டு முழுக்க ஒருமையில் போகிறது. நடுவில் பன்மை எதற்கு? அடுத்த சொற்களையும் பாருங்கள். ஒன்றில் தூவெண்மதி, மற்றதில் நிலாவெண்மதி. இரண்டிலும் மதிக்கு முன்னால்தான் அந்த "ஓர்" நிற்கிறது, இரண்டும் சூடி என்று முடிகின்றன. ஓர் தூ வெண் மதி சூடி. ஓர் நிலா வெண் மதி சூடி. இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்ததும் தீர்ந்துவிட்டது. இதில் பலரும் தடுமாறுவது பள்ளிக்கூட விதியால்தான். உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு என்று படித்திருக்கிறோம். செய்யுள் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. தூ, நி என்ற மெய் முதலுக்கு முன்னாலும் ஓர் வரும்.

"வற்றலோடுகலனா" என்பது இன்னொன்று. இன்றைய காதுக்கு "வற்றலோடு" என்றால் வற்றலுடன் என்றுதான் கேட்கும். அப்படிப் பிரித்தால் "கலனா" என்பது தனியாக நிற்கிறது. கலனா என்றால் கலனாக. எது கலனாக? அந்தக் கேள்விக்கு விடை ஓடு என்ற பெயர்ச்சொல்லாகத்தான் இருக்க முடியும். வற்றல் + ஓடு: தசை வற்றிய மண்டையோடு, அதைப் பாத்திரமாகக் கொண்டு பலி ஏற்கிறான். அதே பாட்டின் "முற்றலாமை" என்பதையும் "முற்றாமல் இருத்தல்" என்கிற மாதிரி எடுத்துவிடக் கூடாது. முற்றல் + ஆமை, முதிர்ந்த ஆமை. அடுத்து வரும் இளநாகத்துக்கு அது எதிர்ப்பதமாக நிற்கிறது.

இந்தப் பதிகத்தில் மிக நுட்பமான இடம் முதல் பாட்டின் மூன்றாம் அடி: "ஏடுடையமலரான்முனைநாட்பணிந்தேத்த". மலரான் என்று ன் தெரிகிறது, ஆகவே மலரான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ல் என்பது ம முன் ன் ஆகும் என்ற விதியும் இருக்கிறது. அதன்படி மலரால் + முனைநாள் என்பதும் "மலரான்முனைநாள்" என்றுதான் எழுதப்படும். மலரான் என்றால் மலரில் இருப்பவன், பிரமன். மலரால் என்றால் பூவைக் கொண்டு. "இதழ் உடைய மலரால் முன்பொரு நாள் பணிந்து ஏத்த" என்பது கேட்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! எழுத்தை எத்தனை முறை பார்த்தாலும் இதற்குத் தீர்ப்புக் கிடைக்காது.

தொடரிடம் கேட்க வேண்டும். "ஏத்த அருள்செய்த" என்பதில் ஏத்தியவர் ஒருவர், அருள்செய்தவர் வேறொருவர். செய என்னும் எச்சம் வந்தால் அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி எழும். மலரால் என்று பிரித்தால் ஏத்தியது யார் என்று சொல்லும் சொல் பாட்டில் எங்கும் இல்லை. மலரான் என்று பிரித்தால் பிரமன் அந்த இடத்தில் வந்து நிற்கிறான். இப்போது இரண்டாம் பாட்டின் மூன்றாம் அடியைப் பாருங்கள்: கற்றல் கேட்டல் உடையார் பெரியார் கழல் கையால் தொழுது ஏத்த. அதே இடம், அதே ஏத்த, அங்கே ஏத்தியவர் வெளிப்படையாக இருக்கிறார். முதல் பாட்டிலும் அந்த இடத்தில் ஏத்தியவர்தான் இருக்க வேண்டும். பூசித்தவன் பிரமன் என்றால் அடுத்த அடியின் ஊர்ப்பெயர் பிரமாபுரம் என்பதும் அவனையே சொல்லிக் கைகோத்துக்கொள்கிறது. ஆகவே மலரான்.

இப்படி இரண்டு பிரிப்பும் நிற்கும் இடத்தில் நான் பார்க்கும் வரிசை இதுதான்: வினைக்கு எழுவாய் கிடைக்கிறதா, பக்கத்துப் பாட்டில் அதே இடத்தில் என்ன இருக்கிறது, கடைசியில்தான் பொருள் அழகாக இருக்கிறதா என்பது. பொருள் அழகை முதலில் வைத்தால் மலரால் என்பதே ஜெயித்திருக்கும்.

அறிகுறி: எந்த விதியும் பொருந்தவில்லை

விதி எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஓர் எழுத்துக் கணக்கில் வரவில்லை என்றால், ஓசை அதைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பதிகத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வோர் உதாரணம் இருக்கிறது. "முனைநாள்" என்பதில் முனை என்றால் கூர்மை என்றோ போர்முனை என்றோ அகராதி சொல்லும். இங்கே அது முன்னை, அதாவது முன்பு. ஒரு ன் குறைந்திருக்கிறது. கடைசிப் பாட்டில் "ஞானசம் பந்தன்னுரைசெய்த" என்று வருகிறது. சம்பந்தன் + உரை என்றால் சம்பந்தனுரை என்றுதான் ஆக வேண்டும். ஒரு குறிலுக்கு அடுத்த மெய்தான் இரட்டிக்கும், சம்பந்தன் அப்படிப்பட்ட சொல் அல்ல. இதே பதிகத்தில் இவன் + அன்றே என்பது இவனன்றே என்று இரட்டாமல்தான் வருகிறது. இங்கே ஒரு ன் கூடியிருக்கிறது. குறைந்ததைத் தொகுத்தல் என்றும் கூடியதை விரித்தல் என்றும் இலக்கணம் சொல்லும். பிரித்து எழுதும்போது "முனை நாள்" என்பதை அப்படியே வைத்துப் பொருளில் முன்னை என்று காட்டலாம். சம்பந்தன் உரை என்பதில் கூடுதல் ன் தேவையில்லை.

இந்தக் காரணத்தை எடுத்ததற்கெல்லாம் சொல்லக் கூடாது. மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஓசையைக் காரணமாகக் காட்டலாம். இல்லாவிட்டால் பிடிக்காத எழுத்தை எல்லாம் தள்ளிவிடுவதற்கு அது வழியாகிவிடும்.

அறிகுறி: பிரித்த பிறகு பொருள் சிதறிவிட்டது

இது அதிகம் பிரித்ததால் வருவது. "கவர்கள்வன்" என்பதைக் கவர்கள் + வன் என்று வெட்டினால் பன்மை விகுதி முளைக்கிறது. கவர் + கள்வன் என்பது வினைத்தொகை. கவர்ந்த, கவர்கின்ற, கவரும் என்று மூன்று காலமும் அந்தக் "கவர்" என்பதில் அடங்கி நிற்கிறது. வினைத்தொகையில் க, ச, த, ப மிகாது. ஆகவே "கவர்க்கள்வன்" என்று வரவில்லையே என்று தேட வேண்டாம். செவியன் என்பதைச் செவி + அன் என்று பிரிப்பது பகுபத உறுப்பிலக்கணம், சொல் பிரிப்பு அல்ல. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் இரண்டு பாட்டும் இப்படி நிற்கும்:

தோடு உடைய செவியன் விடை ஏறி ஓர் தூ வெண் மதி சூடிக்
காடு உடைய சுடலைப் பொடி பூசி என் உள்ளம் கவர் கள்வன்
ஏடு உடைய மலரான் முனை நாள் பணிந்து ஏத்த அருள்செய்த
பீடு உடைய பிரமாபுரம் மேவிய பெம்மான் இவன் அன்றே.

முற்றல் ஆமை இள நாகமொடு ஏன முளைக் கொம்பு அவை பூண்டு
வற்றல் ஓடு கலனாப் பலி தேர்ந்து எனது உள்ளம் கவர் கள்வன்
கற்றல் கேட்டல் உடையார் பெரியார் கழல் கையால் தொழுது ஏத்தப்
பெற்றம் ஊர்ந்த பிரமாபுரம் மேவிய பெம்மான் இவன் அன்றே.

சூடிக், சுடலைப், கலனாப், ஏத்தப் என்பவற்றில் ஒற்றை எடுக்கவில்லை. இன்றைய உரைநடையிலும் அந்த ஒற்றை எழுதுகிறோம், படிப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை. சீர் பிரித்த வடிவத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரித்து எழுதியதைப் பார்த்துப் பாடினால் ஓசை கெடும்; தோடுடைய என்று நான்கு எழுத்தாக ஓட வேண்டியது தோடு உடைய என்று நீண்டுவிடும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: கணினியில் தேடினால் சொல் கிடைக்கவில்லை

மூன்று பாட்டிலும் உள்ளம் இருக்கிறது, ஆனால் சந்தி பிரிக்காத கோப்பில் "உள்ளம்" என்று தேடினால் ஒன்றுகூட வராது. முன்னால் உயிர் உகரம் இல்லை. அது ன், து இவற்றின் மேல் ஏறி ு என்ற குறியாகிவிட்டது, கணினிக்கு உ வேறு, ு வேறு. பின்னால் ம் இல்லை. அது ங் ஆகிவிட்டது. இரண்டு முனையையும் திறந்துவிட்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஏற்கும் எடிட்டரில் இப்படித் தேடுங்கள்:

```
(உ|ு)ள்ள(ம|ங்|ஞ்|ந்)
```

தேடுவதற்கு முன் கோப்பில் அடிக்குள் இருக்கும் சீர் இடைவெளிகளை எடுத்துவிட்ட ஒரு நகல் வைத்துக்கொண்டால், "பணிந் தேத்த" போல நடுவில் உடைந்தவையும் பிடிபடும். உயிரில் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் இதே முறைதான்: ஏத்த என்றால் ஏ அல்லது ே, ஊர்ந்த என்றால் ஊ அல்லது ூ. அகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு மட்டும் குறியே கிடையாது. அருள் என்பது "ஏத்தவருள்" என்பதற்குள் வெறும் வ ஆக நிற்கிறது. அதற்கு முதலெழுத்தை விட்டுவிட்டு "ருள்" என்றே தேட வேண்டியதுதான். அப்போது இருள், பொருள், மருள் எல்லாம் சேர்ந்து வரும். மேலே உள்ள தேடலிலும் குள்ளம், முள்ளங்கி போன்றவை அகப்படும். வந்தவற்றில் எது வேண்டியது என்று பார்க்க, உகரக்குறி ஏறிய மெய்யைப் பாருங்கள்: அது முன்சொல்லின் கடைசி மெய்யாக இருக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் தள்ளிவிடுங்கள்.